திரையில் தெரியும் விலையும் உள்ளே இருக்கும் பெறுமதியும்

ஒரு ஈ.ரி.எஃப் அலகுக்கு எப்போதும் இரண்டு தொகைகள் உண்டு. ஒன்று, பங்குச் சந்தையில் அந்த நேரம் அது கைமாறும் விலை. மற்றது, நிதியத்தின் கையில் இருக்கும் பங்குகளையும் காசையும் கூட்டி, கொடுக்க வேண்டியவற்றைக் கழித்து, வெளியில் உள்ள அலகுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் பெறுமதி. இதற்கு நிகரச் சொத்துப் பெறுமதி என்று பெயர். பேச்சில் எல்லோரும் என்.ஏ.வி என்றே சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ஈ.ரி.எஃப் என்றதும் சம்பளத்தோடு சேரும் ஊழியர் நம்பிக்கை நிதியம்தான் ஞாபகத்துக்கு வரும். நான் இங்கே எழுதுவது அதைப் பற்றியல்ல, பங்குச் சந்தையில் பங்கைப் போலவே வாங்கி விற்கிற நிதிய அலகுகளைப் பற்றி.

ரொரன்ரோவில் இருந்த காலத்தில் இந்த இரண்டாவது தொகையைக் கணக்கிடுவதுதான் என் தொழில். சந்தை மூடிய பிறகு அன்றைய முடிவு விலைகள் வரும். நாணய மாற்று விகிதங்களைப் போட வேண்டும். வரவேண்டிய பங்கிலாபம், அன்றைய நாளுக்குரிய நிர்வாகக் கட்டணம் எல்லாம் ஏற வேண்டும். கடைசியில் வரும் என்.ஏ.வி முதல் நாளை விட எத்தனை வீதம் மாறியிருக்கிறது, நிதியம் பின்தொடரும் குறியீடு எத்தனை வீதம் மாறியிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் காரணம் கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். அவ்வளவு கவனமாகத் தயாரித்த ஒரு எண்ணை, வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் திறந்தே பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் மனவருத்தம். இப்போது கோண்டாவிலில் அம்மாவோடு இருக்கிறேன். வெளிநாட்டிலும் இந்தியாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் வாங்குவதற்கு முன் வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவார்கள். அதில் சந்தை விலை இருக்கும், மேலே ஏறும் பச்சைக் கோடு இருக்கும். என்.ஏ.வி இருக்காது.

சாதாரண நாட்களில் அது இல்லாமலே சமாளித்துவிடலாம் என்பது உண்மைதான். சந்தை விலை என்.ஏ.வியை விட மேலே போனால், அங்கீகாரம் பெற்ற பெரிய வியாபாரிகள் நிதிய நிறுவனத்திடம் பங்குகளையோ காசையோ கொடுத்துப் புதிய அலகுகளைப் பெரிய தொகுதியாக வாங்கிக்கொண்டு வந்து சந்தையில் விற்பார்கள். விற்க ஆள் கூடினால் விலை இறங்கும். விலை என்.ஏ.வியை விடக் கீழே போனால் மறுபக்கமாக நடக்கும்: சந்தையில் மலிவாக அலகுகளை வாங்கி, நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்து உள்ளே இருக்கும் பெறுமதியை எடுத்துக்கொள்வார்கள். இந்த இரண்டு வழியிலும் அவர்களுக்கு இலாபம் இருப்பதால்தான் விலையும் பெறுமதியும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் இருக்கின்றன. நிஃப்டி 50 போன்ற உள்நாட்டுக் குறியீட்டைப் பின்தொடரும் பெரிய இந்திய ஈ.ரி.எஃப் ஒன்றை எடுத்துப் பார்த்தால், வித்தியாசம் பெரும்பாலும் ஒரு வீதத்தின் சிறு பின்னமாகத்தான் இருக்கும்.

பிரச்சினை, புதிய அலகு உருவாக்கும் வழி அடைபடும்போதுதான் தொடங்குகிறது. இந்தியாவில் இது நடந்தது. வெளிநாட்டுப் பங்குகளில் முதலிடுவதற்கு இந்தியப் பரஸ்பர நிதியங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 700 கோடி அமெரிக்க டொலர் என்ற உச்சவரம்பு இருக்கிறது. வெளிநாட்டு ஈ.ரி.எஃப்களில் முதலிடுவதற்கு வேறாக 100 கோடி டொலர். 2022 தொடக்கத்தில் முதல் வரம்பு நிரம்பும் நிலைக்கு வந்ததும், புதிய பணம் வாங்குவதை நிறுத்துமாறு இந்தியச் சந்தைகளின் ஒழுங்குமுறை ஆணையமான செபி சொன்னது. அதே ஆண்டு ஜூனில் கொஞ்சம் தளர்த்தினார்கள். பழைய அளவுக்குள் இடம் இருந்தால் மட்டும் முதலிடலாம் என்றார்கள். ஆனால் அமெரிக்கப் பங்குகளை வாங்க ஆசைப்படும் ஆட்களின் எண்ணிக்கைக்கு அந்த இடம் போதவில்லை. நஸ்டாக் 100 போன்ற குறியீடுகளைப் பின்தொடரும் இந்திய ஈ.ரி.எஃப்களில் விலை பெறுமதிக்கு மேலே போய் அங்கேயே நின்றுகொண்டதற்குக் காரணம் இதுதான்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எனக்குச் சுலபம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, கொழும்பில் ஒரு விலைக்கு இருந்த சாமான் இங்கே வேறு விலைக்குப் போனது. சீனியும் மாவும் மாறவில்லை, கொழும்பில் அவற்றின் விலையும் பெரிதாக மாறவில்லை. கொண்டுவரும் வழிதான் இல்லை. பாதை திறந்ததும் அந்த மேல்விலை காணாமல் போனது. அதிக விலைக்கு வாங்கி அறையில் அடுக்கி வைத்தவர்களிடம் சாமான் அப்படியே இருந்தது, கொடுத்த மேல்விலை மட்டும் திரும்பி வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, அடைபடுவது ஒரு பக்கம் மட்டுமே. புதிய அலகு உருவாக்குவதை நிறுத்தினாலும், இருக்கும் அலகைத் திருப்பிக் கொடுத்துப் பெறுமதியை எடுக்கும் வழி வழக்கமாகத் திறந்தே இருக்கும். ஆகவே விலை என்.ஏ.விக்குக் கீழே அதிகம் இறங்காது. மேலே எவ்வளவு தூரமும் போகலாம். விலை என்.ஏ.விக்கு மேலே நிற்கும் வித்தியாசத்துக்குப் பிரீமியம் என்றும், கீழே நிற்கும் வித்தியாசத்துக்குக் கழிவு என்றும் பெயர். பிரீமியத்துக்குக் கூரை இல்லை, கழிவுக்குத் தரை உண்டு. பல ஆண்டுகளாக நாலைந்து வீதத்தில் இருக்கும் ஒரு பிரீமியம் திடீரென்று பத்துக்குப் போவதும், நிறுவனம் ஒரு அறிவித்தல் போட்டுப் புதிய அலகு உருவாக்கத் தொடங்கியதும் சுருங்குவதும் இதனால்தான்.

என் தங்கையின் மகள் சென்னையில் இருக்கிறாள், அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் ஒரு புதன்கிழமை காலையில் படம் அனுப்பினாள். நஸ்டாக் 100 ஈ.ரி.எஃப் ஒன்று, விலை 168.90 ரூபாய்.

“பெரியம்மா, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகுது. ஒரு இலட்சத்துக்கு வாங்கட்டுமா?”

“என்.ஏ.வி எவ்வளவு எண்டு பார்த்தியா பிள்ளை?”

“அது ஆப்பில இல்ல பெரியம்மா.”

நிதிய நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். இந்தியப் பரஸ்பர நிதியங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்திலும் எல்லா நிதியங்களின் என்.ஏ.வியும் திகதியோடு இருக்கும். பார்த்துச் சொன்னாள்: செவ்வாய்க்கிழமைத் திகதியிட்ட என்.ஏ.வி 152.40. கணக்கு மிகச் சின்னது. விலையிலிருந்து என்.ஏ.வியைக் கழித்து, என்.ஏ.வியால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 16.50 ரூபாய் வித்தியாசம், 152.40க்கு அது 10.8 வீதம்.

நான் அந்த இடத்தில் நிற்கவில்லை. திகதி மாறின இரண்டு எண்களை ஒப்பிட்டால் இல்லாத பிரீமியமும் இருப்பது போலத் தெரியும், இருக்கிற பிரீமியமும் மறைந்துபோகும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தியச் சந்தை காலை 9.15க்குத் திறந்து பிற்பகல் 3.30க்கு மூடுகிறது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம் என்பதால் கோண்டாவிலில் இருந்து பார்ப்பது வசதி. அமெரிக்கச் சந்தை திறப்பது எங்கள் நேரப்படி அவர்களுடைய கோடைகாலத்தில் இரவு 7 மணிக்கு, குளிர்காலத்தில் 8 மணிக்கு. மூடும்போது நள்ளிரவு தாண்டி 1.30 அல்லது 2.30. செவ்வாய்க்கிழமைத் திகதியிட்ட என்.ஏ.வி என்றால், செவ்வாய் இரவு நியூயோர்க்கில் சந்தை மூடிய விலைகளை வைத்துப் போட்டது. அது புதன் காலையில்தான் வெளியாகும். ஆனால் செவ்வாய் பிற்பகல் 3.30க்கு இந்தியாவில் இருந்த விலைக்கு, அன்று இரவு அமெரிக்காவில் நடக்கப்போவது எதுவும் தெரியாது. ஆகவே செவ்வாய் முடிவு விலையையும் செவ்வாய் என்.ஏ.வியையும் ஒப்பிடுவது, பார்வைக்கு ஒரே நாள் போல இருந்தாலும், பிழையான ஒப்பீடு. சரியான சோடி, செவ்வாய்த் திகதியிட்ட என்.ஏ.வியும் புதன் காலை விலையும்தான்.

அதற்குப் பிறகும் இரண்டு சின்னத் திருத்தங்கள் இருக்கின்றன. நியூயோர்க் மூடியிருந்தாலும் பின்னொரு நாளுக்கான விலையை இப்போதே பேசி முடிக்கும் நஸ்டாக் 100இன் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் கிட்டத்தட்ட நாள் முழுவதும் கைமாறுகின்றன. அவை முந்தைய முடிவிலிருந்து எத்தனை வீதம் மாறியிருக்கின்றன என்பதை எந்த நிதிச் செய்தித் தளத்திலும் பார்க்கலாம். அடுத்தது இந்திய ரூபாய்க்கு எதிராக டொலரின் மாற்றம். என்.ஏ.வியை இந்த இரண்டாலும் திருத்தினால், இந்த நிமிடத்தில் உள்ளே என்ன பெறுமதி இருக்கும் என்பதற்கு நல்ல மதிப்பீடு கிடைக்கும். மகளுக்கு ஒரு விரிதாள் செய்து கொடுத்தேன். B நிரலில் சந்தை விலை, C இல் கடைசி என்.ஏ.வி, D இல் ஃபியூச்சர்ஸ் மாற்றம், E இல் டொலர் மாற்றம். D, E இரண்டையும் வீதமாக, 0.4% என்பது போல எழுத வேண்டும். F இல் திருத்திய பெறுமதி, G இல் பிரீமியம், அதை வீதமாகக் காட்டும்படி அமைக்க வேண்டும்.

```
F2: =C2*(1+D2)*(1+E2)
G2: =(B2-F2)/F2
```

அந்தப் புதன்கிழமை ஃபியூச்சர்ஸ் 0.4 வீதம் மேலே இருந்தது, ரூபாய் அசையவில்லை. திருத்திய பெறுமதி 153.01 ரூபாய். பிரீமியம் 10.4 வீதம். நேர வித்தியாசத்தால் வந்த மாயை இல்லை, உண்மையான பிரீமியம்தான் என்பது இப்போது உறுதியாகிவிட்டது. 600 அலகு வாங்கினால் அவள் கொடுப்பது 1,01,340 ரூபாய். உள்ளே இருக்கும் பங்குகளின் பெறுமதி 91,806. வாங்கிய கணமே 9,534 ரூபாய் பங்கில் இல்லாத இடத்தில் நிற்கிறது.

“ஆனா நஸ்டாக் ஏறினா சரியாயிடும்தானே?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. இதற்கு ஒரு கணக்கைச் செய்து காட்டுவதுதான் மரியாதை. குறியீடு நல்லபடியாக 8 வீதம் ஏறுகிறது என்று வைப்போம். பெறுமதி 153.01 இலிருந்து 165.25 ஆகும். அதற்குள் நிறுவனம் புதிய அலகு உருவாக்கத் தொடங்கி, பிரீமியம் 2 வீதத்துக்கு வந்துவிட்டால் சந்தை விலை 168.56. அவள் வாங்கியது 168.90க்கு. அமெரிக்கச் சந்தை எட்டு வீதம் ஏறியும் அவள் அலகுக்கு 34 பைசா நட்டத்தில் நிற்பாள், தரகுக் கட்டணம் அதற்கு மேல். அவள் குறியீட்டைச் சரியாகவே கணித்திருப்பாள், காசு மட்டும் வந்திருக்காது. பிரீமியம் பத்திலேயே நின்றால் ஏற்றம் முழுவதும் அவளுக்குக் கிடைக்கும். பதினைந்துக்குப் போனால் அதைவிடக் கூடுதலாகக்கூடக் கிடைக்கும். ஆனால் அது நஸ்டாக்கில் முதலிடுவது ஆகாது. இன்னொருவர் என்னைவிட அதிகமாகக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது. இரண்டும் வேறு வேறு தொழில்கள்.

பத்து வீதம் வழமையில்லாதது என்று எப்படிச் சொல்வது? பொதுவான ஒரு எல்லைக்கோட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு ஈ.ரி.எஃப்புக்கும் அதனுடைய பழக்கம் ஒன்று இருக்கும், அதோடுதான் ஒப்பிட வேண்டும். உள்நாட்டுக் குறியீட்டு ஈ.ரி.எஃப் ஒன்றில் ஒரு வீதமே என்னை நிறுத்திவைக்கும். அலகு உருவாக்கம் தடைப்பட்ட வெளிநாட்டு ஈ.ரி.எஃப்பில் மூன்று நாலு வீதம் புதினமில்லை. நாங்கள் செய்தது, கடந்த சில மாதங்களின் என்.ஏ.விகளை ஆம்ஃபி தளத்திலிருந்தும், விலைகளைத் தேசியப் பங்குச் சந்தையின் தளத்திலிருந்தும் எடுத்து அந்த விரிதாளில் ஏற்றியது. பழைய நாட்களுக்குக் காலை விலையாகத் திறப்பு விலையைப் போட்டோம். திறப்பு விலை சிலசமயம் ஒரே ஒரு சிறு வியாபாரத்தால் துள்ளும் என்பதால் தனியாகத் துருத்தி நின்ற நாட்களை விட்டுவிட்டோம். அதிலே தெரிந்தது, பெரும்பாலான நாட்கள் நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்திருக்கிறது என்பது. குறியீடு வேகமாக ஏறிய வாரங்களில்தான் பிரீமியமும் விரிந்திருந்தது. பிரீமியம் ஆட்களின் ஆசையோடு சேர்ந்து ஏறுகிறது. வாங்க வேண்டும் என்று மனம் மிகவும் துடிக்கும் நாள்தான் பெரும்பாலும் அதிக பிரீமியம் உள்ள நாள்.

அதே குறியீட்டைப் பின்தொடரும் வேறு நிறுவனங்களின் ஈ.ரி.எஃப்களையும் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் மட்டும் பிரீமியம் அதிகம் என்றால் காரணம் அந்த நிதியத்துக்குள் இருக்கும், அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் அதிகம் என்றால் காரணம் சட்ட வரம்பிலோ சந்தையிலோ இருக்கும். எங்கள் விஷயத்தில் எல்லாவற்றிலும்தான் இருந்தது. நிறுவனத்தின் தளத்தில் அறிவித்தல்கள் என்ற பகுதியைத் திறந்து, புதிய அலகு உருவாக்கத்தை நிறுத்தியிருக்கிறோம் என்ற குறிப்பையும் வாசித்தோம். இந்த ஒரு பக்கத்தை வாசிக்க அஞ்சு நிமிடம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

போலிப் பிரீமியத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் இதையெல்லாம் படித்த புதிதில் ஆட்கள் மறுபக்கமாகப் பயப்படத் தொடங்குவார்கள். அமெரிக்காவில் இரவு பெரிய ஏற்றம், குறியீடு 2.9 வீதம் மேலே. காலை 9.20க்கு நிறுவனத்தின் தளத்தில் காட்டும் என்.ஏ.வி இன்னும் முந்தின நாளினுடையது, 150 ரூபாய் என்று வைப்போம். சந்தை விலை 154.50. பார்த்தால் 3 வீதப் பிரீமியம். ஆனால் நேற்றிரவு ஏற்றத்தைச் சேர்த்தால் பெறுமதி 154.35, உண்மைப் பிரீமியம் 0.1 வீதம். என்.ஏ.விக்குப் பக்கத்தில் என்ன திகதி இருக்கிறது என்று பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ரொரன்ரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணருக்கும் இதே கதைதான், வேறு திசையில். அவர் வைத்திருப்பது ஜப்பானியப் பங்கு ஈ.ரி.எஃப். அங்கே பகலில் வியாபாரம் நடக்கும்போது டோக்கியோ தூக்கத்தில் இருக்கிறது. நியூயோர்க் விழுந்த நாளில் அவருடைய ஈ.ரி.எஃப் கழிவில் இருப்பது போலத் தெரியும். மலிவாகக் கிடைக்கிறது என்று அவசரப்பட்டு வாங்கப் பார்ப்பார். அது மலிவில்லை, மறுநாள் டோக்கியோ எங்கே திறக்கும் என்பதைச் சந்தை முன்கூட்டியே விலையில் சேர்த்துவிட்டது, என்.ஏ.வி பின்னால் வருகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் பட்டியலிட்ட ஈ.ரி.எஃப்கள் என்றால் பார்ப்பது இன்னும் சுலபம். 2019இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கொண்டுவந்த 6சி-11 விதிப்படி, முந்தின நாளின் என்.ஏ.வி, முடிவு விலை, பிரீமியம் அல்லது கழிவு மூன்றையும் நிறுவனம் தன் தளத்தில் தினமும் போட வேண்டும். 2 வீதத்துக்கு மேற்பட்ட வித்தியாசம் தொடர்ந்து ஏழு வியாபார நாட்களுக்கு மேல் நீடித்தால் காரணத்தையும் எழுத வேண்டும்.

இந்திய ஈ.ரி.எஃப்களுக்கு iNAV என்று ஒன்றையும் காட்டுவார்கள், சந்தை நடக்கும் நேரத்திலேயே மதிப்பிட்ட என்.ஏ.வி. உள்நாட்டுப் பங்கு ஈ.ரி.எஃப்களில் அது சில நொடிகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், நம்பி ஒப்பிடலாம். வெளிநாட்டு ஈ.ரி.எஃப்பில் அதன் உள்ளே இருக்கும் பங்குகள் அந்த நேரம் வியாபாரத்திலேயே இல்லை என்பதால், நேற்றிரவுப் பெறுமதியில் நாணய மாற்றத்தை மட்டும் சேர்த்த எண்ணாகவும் அது இருக்கக்கூடும். அரை மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். ஃபியூச்சர்ஸ் அசைந்தும் iNAV அசையவில்லையென்றால் அது பழைய எண். விரிதாளில் நீங்கள் திருத்திய தொகைதான் அதைவிடச் சரியாக இருக்கும்.

விலைப் பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஆப்பில் பெரிதாகத் தெரியும் எண், கடைசியாகக் கைமாறிய விலை. குறைவாகக் கைமாறும் ஈ.ரி.எஃப்பில் அது அரை மணி நேரத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம். கீழே வாங்க நிற்பவர்களின் ஐந்து விலைகளும் விற்க நிற்பவர்களின் ஐந்து விலைகளும் அளவோடு தெரியும். வாங்குகிறவர் பிரீமியத்தைக் கணக்கிட வேண்டியது விற்பவரின் விலையை வைத்து. விற்கிறவர் வாங்குபவரின் விலையை வைத்து. அன்று மகளின் திரையில் விற்பவரின் முதல் விலையில் இருந்த அலகுகள் 600க்குப் போதவில்லை, மிச்சம் அடுத்தடுத்த விலைகளில் இருந்தன. சந்தை விலைக்கே வாங்கு என்று கட்டளை போட்டிருந்தால் சராசரி 168.90ஐத் தாண்டியிருக்கும்.

பிரீமியம் எப்போதும் வரம்புக் கதையால்தான் வருகிறது என்றும் இல்லை. 2025 ஒக்டோபரில் இந்தியாவில் வெள்ளி ஈ.ரி.எஃப்கள் என்.ஏ.வியை விட வெகுவாக மேலே போயின. அங்கே தட்டுப்பாடு வெள்ளிக் கட்டிகளில். பண்டிகைக் காலக் கேள்வியில் உள்நாட்டில் கைக்கு வெள்ளி கிடைப்பதே கடினமானது, புதிய அலகு உருவாக்க வெள்ளி வேண்டும். அந்த வேளையில் பல நிதிய நிறுவனங்கள் வெள்ளி ஈ.ரி.எஃப்பில் முதலிடும் தங்கள் நிதியங்களுக்கு மொத்தத் தொகை வாங்குவதை நிறுத்திவைத்தன. நிறுவனமே புதுப் பணம் வேண்டாம் என்று சொல்வதைவிடத் தெளிவான அறிகுறி வாங்குகிறவருக்குக் கிடைக்காது. நகைக்கடைத் தெருவில் வளர்ந்த எங்கள் ஆட்களுக்குக்கூட அது கண்ணில் படவில்லை, விலை ஏறுகிறது என்பது மட்டும்தான் பட்டது.

மகள் அன்று வாங்கவில்லை. ஆனால் அவளுடைய தரகர் கணக்கில் மாதாமாதம் தானாக அதே ஈ.ரி.எஃப்பை வாங்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. பரஸ்பர நிதியத்தில் மாதாந்தத் தவணை என்றால் அன்றைய என்.ஏ.வியில் அலகு கிடைக்கும். ஈ.ரி.எஃப்பில் அதே பெயரில் நடப்பது சந்தை விலையில் ஒரு வாங்கல், பிரீமியம் என்னவாக இருந்தாலும் அது வாங்கிவிடும். அதை முதலில் நிறுத்தச் சொன்னேன். பிரீமியம் ஆறுக்குக் கீழே இருந்தால் மட்டும் கையால் வாங்குவது, இல்லையென்றால் அந்த மாதக் காசை நிஃப்டி ஈ.ரி.எஃப்பில் போடுவது என்று அவளே ஒரு முடிவு எடுத்தாள். ஆறு என்பது அவளுடைய விரிதாள் சொன்ன எண், இன்னொரு ஈ.ரி.எஃப்புக்கு அது பொருந்தாது. அதற்குப் பிறகு குறியீடு கொஞ்சம் ஏறியது, பிரீமியம் சுருங்கியது, சந்தை விலை 168.90க்குக் கீழேயே ஒரு காலம் நின்றது.

அவளுடைய கணவர் கேட்டது வேறு. அவர் 2020இல், பிரீமியம் பெயருக்குத்தான் இருந்த நேரத்தில் வாங்கிய அலகுகள் கையில் இருந்தன. பத்து வீதம் மேலே இருக்கும்போது விற்றால் என்ன என்றார். விற்பது நியாயமான யோசனை, ஆனால் விற்ற பிறகு அதே குறியீட்டுக்குள் திரும்பிப் போக வேண்டுமென்றால் அதே பிரீமியத்தைத்தான் கொடுக்க வேண்டிவரும், வரியும் இருக்கிறது. ஆகவே வரி போன பிறகும் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்காளரிடம் கேட்டுக்கொண்டு, வேறிடத்துக்கு மாற்ற முன்பே நினைத்திருந்த பங்கை மட்டும் விற்றார். வாங்குபவரின் முதல் விலை 168.40. அந்த விலைக்கே எல்லையிட்டுக் கட்டளை போட்டார், பாதி போனது. மீதியை விலையைக் குறைத்துத் தள்ளவில்லை. அடுத்த நாள் காலையில் புதிய என்.ஏ.வி வந்து, விரிதாளில் பிரீமியம் இன்னும் ஒன்பதுக்கு மேலே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மறுபடி கட்டளை போட்டார்.